டாஷ்போர்டில் சில நாள் மட்டும் நேற்றைய கணக்கு வருது: கிளையண்டுக்குப் போகும் மெயிலைப் பார்த்துச் சொல்லுங்க

கோட்டைவாசல்

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் இருந்துகொண்டு தனியாக ரிப்போர்ட் வேலை எடுத்துச் செய்கிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு தனியார் பால் பாக்கெட் யூனிட் என் கிளையண்ட். முன்பு வேறொருவர் அவர்களுக்குச் செய்து கொடுத்த பவர் பிஐ ரிப்போர்ட்டை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே ராத்திரி ஒரு மணியில் இருந்து வண்டிகளில் லோடு ஏறும். நாலரைக்குள் கடைசி வண்டி கேட்டைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் கேட் சிலிப் போடும்போதே ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் பில்லிங் சாஃப்ட்வேரில் பதிவாகிவிடும். காலை 5 மணிக்கு முதல் ரெஃப்ரெஷ், அடுத்தது 8 மணிக்கு. முதலாளி ஆறு மணி வாக்கில் போனில் "இன்றைய லோடு" கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏஜெண்டுகளிடம் பேசுவார்.

சில நாள் அந்தக் கட்டத்தில் இன்றைய லிட்டர் சரியாக வருகிறது. சில நாள் முந்தின நாள் கணக்கே நிற்கிறது. 8 மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. சாதாரண நாளில் நேற்றைக்கும் இன்றைக்கும் சில நூறு லிட்டர்தான் வித்தியாசம், அதனால் இத்தனை நாள் யாருக்கும் உறைக்கவில்லை. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்று லோடு ரொம்ப அதிகம். ஆனால் கட்டத்தில் முந்தின நாளின் 12,180 லிட்டர்தான் இருந்தது. கூடுதல் லோடு ஏறவே இல்லையோ என்று முதலாளி பதறிப்போய் சூப்பர்வைசரைப் போனில் திட்டியிருக்கிறார். இப்போது "ஏன் சில நேரம் நேற்றைய கணக்கு வருதுன்னு சுருக்கமா ஒரு மெயில் போடுங்க" என்று கேட்கிறார். நான் எழுதி வைத்திருப்பது இது:

> வணக்கம் சார். நமது டாஷ்போர்டு இம்போர்ட் மோடில் இயங்குகிறது. எனவே தரவு உடனுக்குடன் தெரியாது. ஷெட்யூல்டு ரெஃப்ரெஷ் முடிந்த பிறகே புதிய தரவு வரும். நெட்வொர்க், கேட்வே காரணங்களால் சில சமயம் ரெஃப்ரெஷ் தாமதமாகலாம். அப்போது பழைய தரவு தெரியும். சிறிது நேரம் கழித்துப் பார்க்கவும்.

அனுப்பலாமா? நீங்கள் என்றால் எப்படி எழுதுவீர்கள்?

சத்துவாச்சாரி_டேட்டா

இது கேட்வே பிரச்சனைதான், கண்ணை மூடிட்டு சொல்லலாம். ஆபீஸ் கம்ப்யூட்டர் ராத்திரி ஸ்லீப்புக்குப் போயிருக்கும். கேட்வே இருக்கிற மெஷின் முழிச்சிருந்தாதான் ரெஃப்ரெஷ் நடக்கும். பவர் ஆப்ஷன்ல ஸ்லீப்பை Never போடச் சொல்லுங்க. எனக்கு ராணிப்பேட்டையில ஒரு கிளையண்ட் கிட்ட இதேதான். அங்கே தொடர்ந்து நாலு தடவை ஃபெயில் ஆனதும் ஷெட்யூலே நின்னுபோச்சு, யாரும் கவனிக்கல. மெயில் ஓகே, அனுப்பிடுங்க.

ஆம்பூர்_ஷிப்ட்

இம்போர்ட் வேணாம் ப்ரோ, DirectQuery போட்டுடுங்க. அப்போ எப்பவும் லைவ் கணக்குதான், நேற்று இன்று பிரச்சனையே வராது. எங்க ஷூ அப்பர் யூனிட்ல நைட் ஷிப்ட் புரொடக்‌ஷனை அப்படித்தான் பார்க்கிறோம்.

பாலாற்றங்கரை

தம்பி, அந்த மெயிலை இன்னும் அனுப்ப வேண்டாம். காரணம் என்னவென்றே இன்னும் உறுதியாகவில்லை. "தாமதமாகலாம்" என்று எழுதிவிட்டு நாளைக்கு வேறு காரணம் என்று தெரிந்தால் மறுபடி அவரிடம் போய் நிற்க வேண்டிவரும்.

சத்துவாச்சாரி நண்பர் சொல்லும் ஸ்லீப் விஷயம் நிஜம்தான், நிறைய இடத்தில் நடக்கிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தில் ராத்திரி ஒரு மணியில் இருந்து நாலரை வரை அதே கம்ப்யூட்டரில் ஆள் உட்கார்ந்து சிலிப் போடுகிறார். 5 மணிக்குள் அது தூங்கிப்போக வாய்ப்பு குறைவு. ஊகம் செய்ய வேண்டாம், பார்த்துவிடலாம். Refresh history திறந்து, தப்பாக வந்த நாட்களையும் சரியாக வந்த நாட்களையும் பிரித்து, 5 மணி ரெஃப்ரெஷ் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, Completed ஆ Failed ஆ என்று எழுதுங்கள். அந்த "இன்றைய லோடு" கட்டம் எதை வைத்து "இன்று" என்று முடிவு செய்கிறது, அந்த ஃபார்முலாவையும் போடுங்கள்.

கோட்டைவாசல்

அண்ணா, பார்த்தேன். எல்லாமே Completed. ஒன்றுகூட Failed இல்லை.

சிரசு அன்று, அதாவது தப்பாக வந்த நாள்: 5:03க்குத் தொடங்கி 5:08க்கு முடிந்திருக்கிறது. அதற்கு முந்தின நாள், கணக்கு சரியாக வந்த நாள்: 5:36க்குத் தொடங்கி 5:41க்கு முடிந்திருக்கிறது. இது எனக்கே குழப்பமாக இருக்கிறது. தாமதமான நாளில் சரியாகவும், நேரத்துக்கு நடந்த நாளில் தப்பாகவும் வந்திருக்கிறது. மற்ற நாட்களும் இதே மாதிரிதான் பிரிகின்றன.

கட்டத்தில் IsToday என்ற column 1 ஆக இருக்கும் வரிகளை மட்டும் எடுக்கும்படி ஃபில்டர் இருக்கிறது. அந்த column:

```
IsToday = IF ( Dispatch[LoadDate] = TODAY (), 1, 0 )
```

ஷெட்யூலில் டைம் ஜோன் "(UTC+05:30) Chennai, Kolkata, Mumbai, New Delhi" என்றுதான் இருக்கிறது. என் லேப்டாப்பில் பவர் பிஐ டெஸ்க்டாப்பில் திறந்து ரெஃப்ரெஷ் கொடுத்தால் எப்போதும் சரியாகவே வருகிறது.

சத்துவாச்சாரி_டேட்டா

5 மணிக்குப் போட்டா 5:36க்கு ஓடுதா? அப்போ ஏதோ கோளாறு இருக்கு.

பாலாற்றங்கரை

அது கோளாறு இல்லை. நாம் கொடுக்கும் நேரத்தில் இருந்து 15 நிமிடத்துக்குள் தொடங்கப் பார்ப்பதாகத்தான் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. சேவையில் நெருக்கடி இருந்தால் ஒரு மணி நேரம் வரை தள்ளிப்போகலாம் என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். 5:36 அந்த வரம்புக்குள்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தம்பி, உங்கள் மெயிலில் எழுதியிருப்பதற்கு நேர் எதிரானது நடந்திருக்கிறது. ரெஃப்ரெஷ் தாமதமான நாளில்தான் கணக்கு சரியாக வந்திருக்கிறது.

பவர் பிஐ சர்வீஸில் TODAY() எப்போதும் யுடிசி தேதியைத்தான் கொடுக்கும். அதாவது நம் நேரத்தில் காலை 5:30 ஆனால்தான் அதற்குத் தேதி மாறும். சிரசு அன்று 5:08க்கு ரெஃப்ரெஷ் முடிந்தபோது அதன் கடிகாரத்தில் முந்தின நாள் ராத்திரி 11:38. அதனால் முந்தின நாளின் வரிகளுக்கு 1 போட்டது, அன்றைய வரிகளுக்கு 0 போட்டது. அன்றைய லோடு முழுவதும் டேபிளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் ஃபில்டர் அதை வெளியே தள்ளிவிட்டது. 5:41க்கு முடிந்த நாளில் அதன் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 12:11. தேதி மாறிவிட்டது, கணக்கு சரியாகிவிட்டது.

சரி, முதலாளி ஆறு மணிக்குத்தானே பார்க்கிறார், அதற்குள் 5:30 தாண்டிவிட்டதே, ஏன் தானாகத் திருந்தவில்லை? அது கால்குலேட்டட் column என்பதால். ரெஃப்ரெஷ் நடக்கும் அந்த ஒரு தடவைதான் அது கணக்கிடப்படும். கணக்கிட்டதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த ரெஃப்ரெஷ் 8 மணிக்கு என்றால் அதுவரை நேற்றைய வரிகளுக்குப் போட்ட 1 அப்படியே நிற்கும். இதுவே மெஷராக எழுதியிருந்தால் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் கணக்கிடும். 5:30க்கு மேல் திறந்தால் சரியாக வந்திருக்கும்.

டெஸ்க்டாப்பில் சரியாக வருவதற்கும் இதுதான் காரணம். அங்கே உங்கள் லேப்டாப்பின் கடிகாரத்தைப் பார்க்கிறது. ஷெட்யூலில் நீங்கள் தேர்ந்தெடுத்த டைம் ஜோன், ரெஃப்ரெஷ் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்பதற்கு மட்டும்தான். அது TODAY()-ஐத் தொடாது. இந்த இடத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் திரையில் சென்னை என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

ஆம்பூர்_ஷிப்ட்

நான் சொன்ன DirectQuery போட்டா இதுவும் சரியாயிடும் இல்லையா?

பாலாற்றங்கரை

பாதி சரியாகும். எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் போய்விடும், 8 மணி வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் 5:30க்கு முன் திறந்தால் அப்போதும் யுடிசி தேதிதான். அதோடு ராத்திரி பில் போடுகிற அதே கம்ப்யூட்டரை ஒவ்வொரு கிளிக்கும் போய்த் தட்டும். இந்த யூனிட்டுக்குத் தேவை இல்லாத சுமை.

காட்பாடி_பால்_ஏஜென்சி

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. பால் ஏஜென்சி எடுத்து நடத்துறேன். அந்த முதலாளி இடத்துல நான் இருந்தா என்ன கேட்பேன்னு மட்டும் சொல்றேன்.

தம்பி எழுதின மெயில் எனக்கு வந்திருந்தா, "அப்போ எப்பதான் நம்பறது?"ன்னு திருப்பிக் கேட்டிருப்பேன். சிறிது நேரம்னா எவ்வளவு நேரம்? காலைல ஆறு மணிக்கு ஏஜெண்ட் போன் பண்ணி பத்து டப்பு கம்மின்னு சொல்றான். நான் போனைப் பார்த்துதான் அவனுக்குப் பதில் சொல்லணும். கணக்கு இன்னைக்குதா நேற்றைக்குதான்னு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே தெரியணும். இம்போர்ட்டு மோடு எல்லாம் எனக்கு எதுக்கு?

இன்னொன்னு. நேற்றைய கணக்கு வந்துச்சுன்னு சொன்னதும் எனக்கு முதல்ல வர்ற பயம், மாசக் கடைசில ஏஜெண்ட் பில்லு தப்பாயிடுச்சான்னுதான். அதைப் பத்தி மெயில்ல ஒரு வார்த்தை இல்லை.

ஆரணி_பட்டு

காட்பாடி அண்ணன் சொன்னதுதான் முக்கியம். நானும் ஆரணியில் பட்டுக் கடைகளுக்கு இந்த மாதிரி வேலை செய்கிறேன். கடைக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டால் அவர் மனதில் இருப்பது மூன்று கேள்விதான். என் ஆள் தப்பு செய்தானா, பணம் எங்கேயாவது போச்சா, நாளைக்கு நான் எதை நம்புவது. உங்கள் மெயில் இந்த மூன்றில் எதற்கும் பதில் சொல்லவில்லை. அது மென்பொருளைப் பற்றிப் பேசுகிறது.

சூப்பர்வைசர் ஒருவர் திட்டு வாங்கியிருக்கிறார். அவர் ஆட்கள் நேரத்துக்கு சிலிப் போட்டிருக்கிறார்கள் என்பதை மெயிலில் வெளிப்படையாக எழுதுங்கள் தம்பி. அதை எழுதாமல் விட்டால் அந்தப் பழி அவர் மேலேயே இருக்கும்.

கோட்டைவாசல்

அக்கா, அண்ணா, புரிந்தது. இன்று விடியற்காலை சோதித்தும் பார்த்துவிட்டேன். கடைசி வண்டி போன பிறகு 5:15க்கு Refresh now கொடுத்தேன். நேற்றைய கணக்கு வந்தது. 5:35க்கு மறுபடி கொடுத்தேன். இன்றைய கணக்கு வந்தது. இடையில் சாஃப்ட்வேரில் ஒரு பதிவுகூட ஏறவில்லை. அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு.

முதல் ரெஃப்ரெஷை 5 மணியில் இருந்து 5:30க்கு மாற்றிவிட்டால் போதுமா?

சத்துவாச்சாரி_டேட்டா

போதும். ஒரு கிளிக்ல முடியுற வேலை. ஃபார்முலாவை ஏன் தொடணும்?

பாலாற்றங்கரை

மாற்றினால் அறிகுறி மறையும், நோய் இருக்கும். யாராவது 5:10க்கு Refresh now கொடுத்தால் திரும்ப வந்துவிடும். 5:30க்குப் போட்டால் ஒரு மணி நேரத் தாமதத்தில் 6:30 ஆகலாம், முதலாளி ஆறு மணிக்குப் பார்ப்பவர். 5 மணி அவருக்குச் சரியான நேரம், அதை விட்டுவிடுங்கள். IsToday column-ஐ விட்டுவிட்டு மெஷராக எழுதுங்கள்:

```
Today Litres =
VAR NowIST = UTCNOW () + TIME ( 5, 30, 0 )
VAR TodayIST =
    DATE ( YEAR ( NowIST ), MONTH ( NowIST ), DAY ( NowIST ) )
RETURN
    CALCULATE ( SUM ( Dispatch[Litres] ), Dispatch[LoadDate] = TodayIST )
```

இங்கே நான் வேண்டுமென்றே UTCNOW() போட்டிருக்கிறேன். NOW() போட்டு ஐந்தரை மணி கூட்டினால் சர்வீஸில் சரியாக வரும், உங்கள் டெஸ்க்டாப்பில் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். UTCNOW() இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிய பிறகு கட்டத்தில் பழைய IsToday ஃபில்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். இருந்தால், 5:30க்கு முன் ரெஃப்ரெஷ் முடிந்த நாளில் புது மெஷரும் காலியாகவே வரும்.

அடுத்து, காட்பாடிக்காரர் கேட்டது. கட்டத்தைப் பார்த்தாலே எந்த நாளின் கணக்கு என்று தெரிய வேண்டும். அதற்கு இரண்டு விஷயம் திரையில் வேண்டும். தலைப்பில் தேதி ஒன்று. கடைசியாகப் பதிவான வண்டியின் நேரம் இன்னொன்று:

```
Last Entry =
CALCULATE ( MAX ( Dispatch[EntryTime] ), ALL ( Dispatch ) )
```

ALL மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள ஏதாவது ஃபில்டர் இதையும் வெட்டிவிடும், அப்புறம் இந்த நேரத்தையும் நம்ப முடியாது. இந்த ஒரு வரி சிரசு அன்று இருந்திருந்தால் உங்களுக்கே உடனே புரிந்திருக்கும். லிட்டர் நேற்றையது, ஆனால் கடைசிப் பதிவு இன்று காலை 4:26 என்று இருந்தால் டேட்டா வந்துவிட்டது, ஃபில்டர்தான் தப்பு. கடைசிப் பதிவே நேற்றைய தேதியாக இருந்தால் டேட்டா வரவில்லை. அப்போதுதான் சத்துவாச்சாரி நண்பர் சொல்வது போல் கேட்வேயைப் போய்ப் பார்க்க வேண்டும்.

சத்துவாச்சாரி_டேட்டா

நான் வழக்கமா "கடைசியாக ரெஃப்ரெஷ் ஆன நேரம்" போடுவேன். அது போதாதா?

பாலாற்றங்கரை

அது நமக்கு உதவும், முதலாளியை ஏமாற்றும். ரெஃப்ரெஷ் 5:08க்கு வெற்றிகரமாக முடிந்திருக்கும். ஆனால் சிலிப் போடும் ஆள் கடைசி நாலு வண்டியைப் பேப்பரில் எழுதி வைத்துவிட்டு ஆறு மணிக்கு ஏற்றினால், திரையில் புது நேரமும் பழைய கணக்கும் இருக்கும். அவருக்கு வேண்டியது கணக்கு எந்த வண்டி வரைக்கும் என்பதுதான்.

சத்துவாச்சாரி_டேட்டா

அது சரிதான். என் ராணிப்பேட்டை ரிப்போர்ட்லயும் சேர்த்துடறேன்.

காட்பாடி_பால்_ஏஜென்சி

ஒரு சந்தேகம். இப்படி மாத்தினா, 5 மணி ரெஃப்ரெஷ் லேட்டான அன்னைக்கு கட்டம் காலியா இருக்குமா?

பாலாற்றங்கரை

ஆமாம், காலியாக இருக்கும். அது இன்றைய தேதியைத் தேடும், கிடைக்காது.

காட்பாடி_பால்_ஏஜென்சி

அப்போ அது இன்னும் மோசம்னு எனக்குத் தோணுது. காலியா பார்த்தா வண்டியே போகலைன்னுதான் முதல்ல நினைப்பேன். தேதியோட நேற்றைய கணக்கு இருந்தாக்கூட ஒரு அளவு தெரியும்.

பாலாற்றங்கரை

என் அனுபவத்தில் தேதியை யாரும் படிப்பதில்லை, எண்ணைத்தான் படிப்பார்கள். பெரிய எழுத்தில் 12,180 இருந்தால் மேலே சின்னதாகப் போட்ட தேதி கண்ணில் படாது. காலியாக இருந்தால் நின்று யோசிப்பார்கள்.

ஆரணி_பட்டு

காலிக்குப் பதில் "இன்றைய பதிவு இன்னும் வரவில்லை" என்று எழுத்தே வரும்படி செய்யலாம் இல்லையா? லோடு போகவில்லை என்பதும் பதிவு வரவில்லை என்பதும் வேறு வேறு என்று அந்த வாக்கியமே சொல்லிவிடும். நேற்றைய கணக்கைக் கீழே சின்னதாக, "நேற்று" என்ற பெயரோடு தனிக் கட்டமாக வைத்துவிடுங்கள்.

தம்பி, மெயில் எழுதுவதற்கு முன் இன்னொன்று பாருங்கள். அந்த IsToday வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது? வேறு பக்கத்தில் TODAY() இருக்கிறதா? "மாதக் கணக்கில் தவறு இல்லை" என்று எழுத வேண்டுமானால் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். மாதம் 1ஆம் தேதி காலையில் "இந்த மாதம்" என்ற கட்டம் போன மாதத்தைக் காட்டியதை நான் ஒரு கடையில் பார்த்திருக்கிறேன்.

கோட்டைவாசல்

நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா. தேடிப் பார்த்தேன். IsToday இரண்டு கட்டத்தில் இருக்கிறது. ஒன்று லோடு, இன்னொன்று திரும்பி வந்த பாக்கெட். மாதக் கணக்குப் பக்கத்தில் தேதியைக் கையால் தேர்ந்தெடுக்கிறார்கள், TODAY() இல்லை. ஏஜெண்ட் பில் இந்த ரிப்போர்ட்டில் இருந்து போவதே இல்லை. நேராக பில்லிங் சாஃப்ட்வேரில் இருந்து அச்சாகிறது. அக்கவுண்டண்ட் சாரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மெஷர் மாற்றிவிட்டேன். மெயில் இப்போது இப்படி:

> வணக்கம் சார். டாஷ்போர்டில் TODAY() என்ற ஃபங்ஷன் யுடிசி நேரத்தில் இயங்குவதால், மைக்ரோசாஃப்ட் சர்வர் வெளிநாட்டில் இருப்பதால், காலை 5:30க்கு முன் ரெஃப்ரெஷ் ஆனால் முந்தைய நாள் தேதி எடுக்கப்படுகிறது. இதைச் செய்த முந்தைய நபர் இதைக் கவனிக்கவில்லை. இப்போது சரி செய்யப்பட்டுள்ளது. இனி இப்படி வராது.

பாலாற்றங்கரை

மூன்று திருத்தம். சர்வர் வெளிநாட்டில் இருப்பது காரணம் இல்லை. இந்தியாவிலேயே இருந்தாலும் TODAY() யுடிசிதான். தெரியாததை எழுதினால் அவர் "அப்போ சர்வரை சென்னைக்கு மாற்றுங்க" என்பார். இரண்டாவது, "இனி இப்படி வராது" என்று எழுத வேண்டாம். இந்தக் காரணத்தால் வராது. கேட்வே நின்றால், நெட் போனால், ஆள் பதிவு போடாவிட்டால் பழைய கணக்கு வரத்தான் செய்யும். மூன்றாவது, முன்பு செய்தவரைப் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு முதலாளி செய்யப்போவது ஒன்றும் இல்லை.

ஆரணி_பட்டு

"சரி செய்யப்பட்டுள்ளது" என்று யார் செய்தார்கள் என்றே தெரியாமல் எழுதாதீர்கள். "மாற்றிவிட்டேன்" என்று எழுதுங்கள், எப்போது மாற்றினீர்கள் என்றும் சொல்லுங்கள். யுடிசி என்ற சொல் அவருக்கு வேண்டாம். "அதற்குத் தேதி மாறுவது நமக்குக் காலை 5:30 மணிக்கு" என்றால் பால்காரருக்கு உடனே புரியும், அவர் எழுந்திருக்கிற நேரம் அது. போன் போட வேண்டிய நேரம் ஒன்றும் கொடுங்கள், சும்மா காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

கோட்டைவாசல்

திரும்ப எழுதினேன்:

> பொருள்: "இன்றைய லோடு" கட்டத்தில் நேற்றைய கணக்கு வந்தது பற்றி
>
> வணக்கம் சார்,
>
> சில நாள் காலையில் "இன்றைய லோடு" கட்டத்தில் முந்தின நாள் லிட்டர் வந்தது உண்மை. சிரசு அன்றும் அதுதான் நடந்தது. அன்றைக்கு லோடு, சிலிப் எதிலும் தவறு இல்லை. உங்கள் ஆட்கள் போட்ட பதிவு எல்லாம் 5 மணி ரெஃப்ரெஷிலேயே வந்துவிட்டது.
>
> தவறு தேதியில். ரிப்போர்ட் ஓடும் சேவையின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதற்குத் தேதி மாறுவது நமக்குக் காலை 5:30 மணிக்கு. 5:30க்கு முன் ரெஃப்ரெஷ் முடிந்த நாட்களில் நேற்றையதையே "இன்று" என்று எடுத்துக்கொண்டது. 8 மணி வரை அது மாறவில்லை.
>
> நேற்று மாலை இதை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டேன். இனி கட்டத்தின் மேலே தேதியும், கடைசியாகப் பதிவான வண்டியின் நேரமும் இருக்கும். அந்த நேரம் வரையிலான கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். பதிவு வந்து சேராவிட்டால் "இன்றைய பதிவு இன்னும் வரவில்லை" என்று வரும். காலை 6:15க்கு மேலும் அப்படியே இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்.
>
> திரும்பி வந்த பாக்கெட் கட்டத்திலும் இதே தவறு இருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். மாதக் கணக்கும் ஏஜெண்ட் பில்லும் இதனால் பாதிக்கப்படவில்லை.

ரெஃப்ரெஷ் ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் 6 மணிக்குத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் 6:15 என்று வைத்தேன்.

காட்பாடி_பால்_ஏஜென்சி

இது புரியுது. எனக்கு வந்திருந்தா சூப்பர்வைசருக்கும் அப்படியே ஃபார்வர்ட் பண்ணியிருப்பேன்.

ஆரணி_பட்டு

அனுப்பலாம். திரும்பி வந்த பாக்கெட்டை அவர் கேட்காமலேயே நீங்கள் சொன்னது நல்லது.

ஆம்பூர்_ஷிப்ட்

என் விஷயத்துக்கு வர்றேன். எங்க நைட் ஷிப்ட் ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை. இந்த மெஷரைப் போட்டா 10ல இருந்து 12 வரைக்கும் உள்ள ஜோடி எல்லாம் முந்தின நாள்ல விழுதே. சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டேங்கிறார்.

பாலாற்றங்கரை

உங்களுக்குக் கடிகாரம் பிரச்சனை இல்லை, "நாள்" எங்கே தொடங்குகிறது என்பது பிரச்சனை. ஷிப்ட் தேதி என்று தனி column வேண்டும். காலை 6 மணிக்கு முன் வரும் பதிவில் இருந்து ஒரு நாளைக் கழித்துவிட்டால் முழு ஷிப்டும் அது தொடங்கிய தேதியில் விழும். ஆனால் அந்தத் தேதியா, ஷிப்ட் முடிகிற தேதியா என்று உங்கள் நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். அதை ஃபார்முலா தீர்மானிக்க முடியாது.

கோட்டைவாசல்

மெயில் போய்விட்டது. முதலாளி பதில் போட்டார். சூப்பர்வைசரிடம் பேசிவிட்டதாக எழுதியிருக்கிறார். கூடவே புதுக் கேள்வி ஒன்று. விசேஷ நாட்களில் முதல் வண்டி ராத்திரி 11:40க்கே கிளம்பிவிடுகிறது. பால் விற்பது மறுநாள், ஆனால் LoadDate முந்தின நாள். அந்த வண்டியை "இன்றைய லோடு" கட்டத்தில் சேர்க்கச் சொல்கிறார். அக்கவுண்டண்ட் சார், பில் தேதி என்னவோ அதுதான் ரிப்போர்ட்டிலும் இருக்க வேண்டும், மாற்றினால் லெட்ஜரோடு ஒத்துப்போகாது என்கிறார்.

காட்பாடி_பால்_ஏஜென்சி

எங்க பக்கம் இண்டெண்ட் தேதிதான் கணக்கு. எந்த நாள் விற்பனைக்கு ஆர்டர் போட்டோமோ அந்த நாள். வண்டி எப்போ கிளம்பினா என்ன?

பாலாற்றங்கரை

அக்கவுண்டண்ட் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே திரையில் இரண்டு தேதியை வைத்து ஒரே பெயர் சொன்னால் மாதக் கடைசியில் யாராலும் கணக்கை ஒப்பிட முடியாது. சாஃப்ட்வேரில் இண்டெண்ட் தேதி என்று ஒரு column இருக்கிறதா தம்பி?

கோட்டைவாசல்

இல்லை அண்ணா. இண்டெண்ட் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள். ராத்திரி 11 மணிக்கு மேல் கிளம்பும் வண்டி எல்லாம் மறுநாள் என்று நானே விதி வைக்கலாம். ஆனால் சாதாரண நாளில் சில நேரம் மாலை லோடில் மிச்சமான வண்டி 11:15க்குப் போகிறது, அது அன்றைய கணக்கு. அவர்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வரும் வரை LoadDate-ஐத் தொடாமல் வைத்திருக்கிறேன்.